முதல் திறன்பேசி: ஐபோனா, ஆண்ட்ராய்டா? வருடக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கடைக்காரரிடம் போய் ஐபோன் நல்லதா, ஆண்ட்ராய்டு நல்லதா என்று கேட்டால், தன்னிடம் எது தேங்கிக் கிடக்கிறதோ அதைத்தான் அவர் நல்லது என்பார். உறவினர்களிடம் கேட்டால், அவரவர் கையில் இருப்பதே உசத்தி. உண்மையைச் சொன்னால், முதல் தடவை வாங்குகிறவருக்கு அன்றாடப் பயன்பாட்டில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வாட்ஸ்அப், சிங்பாஸ், வங்கிச் செயலி, பேநவ் எல்லாம் இரண்டிலும் ஒரே மாதிரிதான் ஓடுகின்றன. தமிழில் தட்டச்சு செய்யவும் இரண்டிலும் வழி இருக்கிறது. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது: கையில் வாங்கும் இந்த செட் எந்த வருடம் வரை பாதுகாப்பாக ஓடும்? கீழே விழுந்து உடைந்தால் அதைச் சரிசெய்வது கட்டுபடியாகுமா?

சிங்கப்பூரில் இனிமேல் யார் முதல் திறன்பேசி வாங்கப்போகிறார்கள் என்று நினைக்கலாம். இருக்கிறார்கள். என் பெரியம்மாவுக்கு 66 வயது, யீஷூனில் வீடு. இவ்வளவு நாள் பட்டன் போனிலேயே ஓட்டிவிட்டார். இங்கே 2ஜி சேவை 2017லேயே நின்றது, 3ஜி 2024ல் நின்றது. வங்கிகளும் குறுஞ்செய்தியில் ஒருமுறைக் கடவுச்சொல் அனுப்புவதை விட்டு, செயலிக்குள் இருக்கும் மின்னிலக்க டோக்கனுக்கு மாறிவருகின்றன. ஆகவே ஒதுங்கியிருந்தவர்களும் கடைக்குப் போக வேண்டிய கட்டாயம். பெரியம்மாவைப் போன்ற ஒருவரை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். அவர் ஒரு செட்டை வாங்கினால் அது படுத்துவிடும்வரை மாற்ற மாட்டார். கேமராவும் விளையாட்டும் அவருக்கு முக்கியமில்லை.

முதலில் விலை. இது சுலபம். புதிய ஐபோனில் மலிவானது பெயருக்குப் பின்னால் 'இ' வரும் வரிசை. 2025 தொடக்கத்தில் வந்த ஐபோன் 16இ இங்கே 949 வெள்ளிக்கு அறிமுகமானது. அதற்குக் கீழே புதிய ஐபோன் தேடுவதில் அர்த்தமில்லை. ஆண்ட்ராய்டில் 200 வெள்ளிக்குள்ளும் செட் உண்டு, 2,000 வெள்ளிக்கும் உண்டு. முதல் தடவை வாங்குகிறவருக்கு நான் காட்டுவது 300 முதல் 400 வெள்ளி வரையிலான இடம். சாம்சங் கேலக்ஸி ஏ16, ஏ17 போன்ற 5ஜி செட்டுகள் ஏறக்குறைய அங்கேதான் இருக்கின்றன. ஆக, ஐபோன் கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

தொலைத்தொடர்பு நிறுவனத்தின் இரண்டு வருட ஒப்பந்தத்தில் எடுத்தால் ஐபோன் மலிவாகத் தெரியும். செட்டுக்குச் சின்னத் தொகை கட்டினால் போதும் என்று சுவரொட்டி சொல்லும். அங்கே பார்க்க வேண்டியது மாதக் கட்டணம். சிம் மட்டும் தரும் திட்டம் மாதம் 15 வெள்ளி, ஒப்பந்தத் திட்டம் மாதம் 50 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், வித்தியாசம் 35. அதை 24 மாதத்தால் பெருக்கினால் 840 வெள்ளி. செட்டின் விலை அந்த 840க்குள் ஒளிந்திருக்கிறது. நிறைய டேட்டா வேண்டியவருக்கு இது ஒத்துவரலாம். வீட்டு வைஃபையிலேயே பாதி நாள் இருக்கும் பெரியம்மாவுக்கு ஒத்துவராது. செட்டை முழுக் காசு கொடுத்து வாங்கி, சிம் மட்டும் தனியாக எடுப்பதுதான் அவருக்குச் சரி.

அடுத்தது புதுப்பிப்பு. விலையைவிட இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். யாரும் பொய் சொல்லி ஏமாற்றுவதில்லை. கணக்கு எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று நாம் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

ஏ16 5ஜிக்கும் ஏ17 5ஜிக்கும் ஆறு ஆண்டுப் பாதுகாப்புப் புதுப்பிப்பு தருவதாக சாம்சங் சொல்லியிருக்கிறது. இந்த விலையில் இவ்வளவு நீண்ட வாக்குறுதி சில வருடங்களுக்கு முன் கிடையாது. அந்த ஆறு ஆண்டு, நாம் காசு கொடுத்த நாளிலிருந்து ஓடுவதில்லை. அந்த மாடல் உலகச் சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஓடுகிறது. ஏ16 5ஜி வந்தது 2024 பிற்பாதியில். அப்படியானால் அதன் ஆயுள் 2030 பிற்பாதியோடு முடிகிறது. ஏ17 வந்தது 2025 பிற்பாதியில், முடிவது 2031ல். 2026 நடுவில் ஒருவர் கடைக்குப் போகிறார், ஏ16 ஐம்பது வெள்ளி குறைவு என்று அதை எடுக்கிறார் என்று வையுங்கள். அவர் கையில் மிஞ்சுவது நாலேகால் வருடம். ஏ17 எடுத்திருந்தால் ஐந்தேகால். ஒரு வருடத்தை ஐம்பது வெள்ளிக்கு விற்றுவிட்டார். சில சமயம் அது நல்ல வியாபாரம்கூட. தெரிந்து செய்தால் சரி.

இதைவிட மலிவான செட்டுகளில், வேறு சில நிறுவனங்களின் செட்டுகளிலும், வாக்குறுதி இரண்டு மூன்று வருடத்தோடு நின்றுவிடுவதுண்டு. பெட்டியில் அது எழுதியிருக்காது. மாடல் பெயரைச் சொல்லி, பாதுகாப்புப் புதுப்பிப்பு எந்த வருடம் வரை என்று கடையில் கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் நிறுவனத்தின் இணையத்தளத்தில் தேடுங்கள். அங்கேயும் எழுத்தில் இல்லை என்றால், அந்த செட்டை நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

ஐபோன் பக்கம் நிலைமை தலைகீழ். ஆப்பிள் எழுத்தில் தருவது குறைவு, செய்வது அதிகம். பிரிட்டனில் வந்த சட்டத்துக்காக 2024ல் கொடுத்த ஆவணத்தில், ஐபோன் 15 புரோ மேக்ஸுக்குக் குறைந்தது ஐந்து ஆண்டு என்றுதான் சொல்லியிருக்கிறது. நடப்பில் பார்த்தால், 2018ல் வந்த ஐபோன் எக்ஸ்எஸ் 2025 செப்டம்பரில் ஐஓஎஸ் 26 வந்தபோதுதான் பட்டியலிலிருந்து விழுந்தது. ஏழு வருடம். 2015ல் வந்த 6எஸ்ஸும் ஏழு வருடம் தாக்குப்பிடித்தது. பெரிய பதிப்பு நின்ற பிறகும் அவசரமான ஓட்டைகளுக்கு மட்டும் பழைய செட்டுகளுக்குச் சின்னப் புதுப்பிப்பு அனுப்புவது ஆப்பிளின் பழக்கம். 2013ல் வந்த 5எஸ்ஸுக்கு 2023 ஜனவரியில்கூட ஒன்று வந்தது.

ஒரு பக்கம் எழுத்தில் வாக்குறுதி, இன்னொரு பக்கம் பழைய வரலாறு. எதை நம்புவது? நான் வரலாற்றுக்குக் கொஞ்சம் அதிக மதிப்பெண் போடுவேன். ஆறு ஆண்டு வாக்குறுதியோடு வந்த மலிவான செட் எதுவும் இன்னும் தன் ஆறாவது ஆண்டைப் பார்க்கவில்லை. சாம்சங் வாக்குத் தவறும் என்று சொல்ல வரவில்லை. 330 வெள்ளி செட்டில் போட்டிருக்கும் சிப்பும் ரேமும், ஆறாவது வருடம் வரும் புதிய பதிப்பைச் சுமக்குமா என்பதுதான் கேள்வி. நாலாவது வருடத்தில் வங்கிச் செயலி திறக்கவே அரை நிமிடம் எடுத்தால், புதுப்பிப்பு இருந்தும் பயனில்லை. இந்த விலையில் வாங்குகிறவர்கள் ஒரே மாடலில் 4 ஜிபி ரேம், 8 ஜிபி ரேம் என்று இரண்டு இருந்தால், முப்பது நாற்பது வெள்ளி கூடுதலாகக் கொடுத்து 8ஐ எடுப்பது நல்லது. இந்த இடத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

புதுப்பிப்பு வரும் வேகத்திலும் வித்தியாசம் உண்டு. ஆப்பிள் வெளியிட்டால் எல்லா ஐபோனுக்கும் அன்றைக்கே கிடைக்கிறது. ஆண்ட்ராய்டில் கூகுள் கொடுத்து, தயாரிப்பாளர் தன் செட்டுக்கு ஏற்றபடி மாற்றி, நாட்டுக்கு நாடு சோதித்து அனுப்புவதால் தாமதம் ஆகும். மலிவான வரிசைகளுக்கு மாதாமாதம் வராது, சில மாதங்களுக்கு ஒருமுறை வரும். செட் வயதாக ஆக இடைவெளி கூடும். கையில் இருக்கும் சாம்சங் செட்டில் இதைப் பார்க்க Settings, About phone, Software information என்று போனால் Android security patch level என்ற வரியில் ஒரு தேதி இருக்கும். நீங்கள் செட்டை எப்போது புதுப்பித்தீர்கள் என்பதை அது காட்டுவதில்லை. எந்த மாதம் வரை தெரிந்த ஓட்டைகள் அடைக்கப்பட்டிருக்கின்றன என்பதைக் காட்டுகிறது. நாலைந்து மாதம் பின்தங்கினால் பரவாயில்லை. புதுப்பிப்பு இல்லை என்று சொல்லிக்கொண்டே ஒரு வருடம் பின்தங்கிக் கிடந்தால் அந்த செட்டின் காலம் முடிந்துவிட்டது.

பாதுகாப்பு என்று வந்துவிட்டதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2023ல் சிங்கப்பூரில் ஆண்ட்ராய்டு செட்டுகளைக் குறிவைத்து ஒரு மோசடி அலை அடித்தது. முகநூலில் விளம்பரம் வரும், வீடு சுத்தம் செய்ய ஆள், மீன் இறால் மலிவு என்று. ஆர்டர் செய்ய இந்தச் செயலியை இறக்குங்கள் என்று இணைப்பு வாட்ஸ்அப்பில் வரும். இறக்கினால் வங்கிக் கணக்கு காலி. ஐபோனில் இப்படி இணைப்பைத் தட்டி ஆப் ஸ்டோருக்கு வெளியே இருந்து செயலி போட வழியில்லை. அந்த ஒரு விஷயத்தில் ஐபோன் தெளிவாக மேல். பிறகு நிலைமை கொஞ்சம் மாறியது. 2024 பிப்ரவரியில் இணையப் பாதுகாப்பு அமைப்போடு சேர்ந்து கூகுள் இங்கேதான் முதலில் ஒரு தடுப்பைச் சோதித்தது. குறுஞ்செய்தியைப் படிக்கவும் திரையைக் கட்டுப்படுத்தவும் அனுமதி கேட்கும் வெளிச் செயலிகளை, நிறுவும்போதே அது தடுத்துவிடும். இங்குள்ள வங்கிச் செயலிகளும், அப்படிப்பட்ட செயலி போனில் இருந்தால் திறக்க மறுக்கின்றன. பெரியவர்களுக்கு ஆண்ட்ராய்டு வாங்கினால், ப்ளே ஸ்டோரில் இந்தத் தடுப்பைச் செய்யும் Play Protect அணைக்கப்படாமல் இருக்கிறதா என்று வீட்டுப் பிள்ளைகள் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். மோசடிக்காரர் தொலைபேசியில் பேசி முதலில் அணைக்கச் சொல்வதே அதைத்தான்.

இப்போது பழுது. முடிவை மாற்றுவது பெரும்பாலும் இதுதான் என்பது என் எண்ணம்.

திரை உடைந்தால் போக இரண்டு இடம். ஒன்று நிறுவனத்தின் சேவை நிலையம், இன்னொன்று சிம் லிம் ஸ்குவேரிலும் தேக்கா பக்கத்திலும் வீவக புளோக்குகளின் கீழும் இருக்கும் பழுதுபார்க்கும் கடை. கடையில் பாதி விலை சொல்வார்கள், அரை மணி நேரத்தில் முடித்துத் தருவார்கள். நல்ல கடைகள் நிறைய இருக்கின்றன. என்ன போடுகிறார்கள் என்று தெரிந்துகொண்டு கொடுத்தால் தப்பில்லை.

சாம்சங் ஏ வரிசையில் வருவது பெரும்பாலும் அமோலெட் திரை. அதற்குப் பதிலாக மலிவான எல்சிடி நகலும் சந்தையில் கிடைக்கிறது. மாட்டினால் வேலை செய்யும், விலை பாதிகூட இருக்காது. கண்டுபிடிப்பது எப்படி? செட்டை வாங்கியதும் ஒரு கறுப்புப் படத்தைத் திறந்து, கையால் வெளிச்சத்தை மறைத்துப் பாருங்கள். அமோலெட்டில் கறுப்பு என்றால் அந்த இடத்தில் ஒளியே இருக்காது. எல்சிடியில் பின்னால் விளக்கு எரிவதால் சாம்பல் பூத்தாற்போல் இருக்கும், ஓரங்களில் வெளிச்சம் கசியும். திரைக்குள் கைரேகை பார்க்கும் மாடலாக இருந்தால் இன்னும் சுலபம்: எல்சிடி நகல் போட்டால் கைரேகை வேலையே செய்யாது. கடைக்காரர் அதைச் சென்சார் கெட்டுவிட்டது என்பார். ஏ16, ஏ17 மாடல்களில் கைரேகை பக்கவாட்டுப் பொத்தானில் இருப்பதால் இந்தச் சோதனை பயன்படாது, கறுப்புப் படம்தான் வழி.

ஐபோனில் இந்தத் தலைவலி குறைவு. செட் தானே காட்டிக்கொடுத்துவிடும். Settings, General, About என்று போனால் Parts and Service History என்று ஒரு பகுதி வரும். எந்தப் பாகத்தையும் மாற்றியிராவிட்டால் அந்தப் பகுதியே தெரியாது. திரையோ பேட்டரியோ மாற்றி, அது ஆப்பிளின் அசல் பாகமாக இருந்தால் அப்படிச் சொல்லும். இல்லையென்றால் அடையாளம் தெரியாத பாகம் என்று எழுதிக் காட்டும். நகல் பேட்டரி போட்டால் பேட்டரியின் ஆரோக்கியம் எத்தனை சதவீதம் என்று நம்பகமாகப் பார்க்க முடியாமல் போகலாம். வெளிக்கடைக்காரர்களுக்கு இது பிடிக்காது, அவர்கள் புலம்புவதிலும் நியாயம் இருக்கிறது. நல்ல பேட்டரியைப் போட்டாலும் எச்சரிக்கை வந்துவிடுகிறது. ஐஓஎஸ் 18க்குப் பிறகு, இன்னொரு ஐபோனிலிருந்து எடுத்த அசல் பாகத்தை மாட்டிச் சரிசெய்ய வழி கொடுத்திருக்கிறார்கள். வாங்குகிறவர் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்தக் கறார் நல்லதுதான்.

உதிரிபாகம் எவ்வளவு காலம் கிடைக்கும் என்பதிலும் ஆப்பிள் முந்துகிறது. ஒரு மாடலின் விற்பனையை நிறுத்தி ஐந்து ஆண்டு வரை பாகம் இருக்கும், அதன் பிறகு கையிருப்பைப் பொறுத்து ஏழு ஆண்டு வரை. இங்கே எண்ணுவது விற்பனை நின்ற நாளிலிருந்து. மலிவான ஆண்ட்ராய்டு மாடல்களில் வருடத்துக்கு வருடம் புதுசு வருவதால், மூன்றாம் வருடத்திலேயே சில மாடல்களுக்கு அசல் திரை தேட வேண்டியிருக்கும். அதிகம் விற்ற மாடலை வாங்கினால் இந்தக் கஷ்டம் குறையும். பெயர் தெரியாத மாடலின் திரையை எந்தக் கடைக்காரரும் வாங்கி அடுக்கிவைக்க மாட்டார்.

விலைதான் ஐபோனின் குத்தும் முள். பேட்டரி மாற்ற ஆப்பிளிடம் ஏறக்குறைய 150 வெள்ளி வைத்துக்கொள்ளுங்கள். திரை என்றால் நானூறை நெருங்கிவிடும். ஆனால் 949 வெள்ளி ஐபோன் மூன்றாம் வருடத்திலும் கணிசமான விலைக்குப் போகும் என்பதால், அவ்வளவு செலவழித்துச் சரிசெய்வதில் பொருள் இருக்கிறது. 330 வெள்ளி ஆண்ட்ராய்டு மூன்றாம் வருடத்தில் நூறு வெள்ளிக்குப் போனாலே பெரிது. அதற்கு 130 வெள்ளியில் அசல் திரை போட யாருக்கும் மனம் வராது. அதனால்தான் மலிவான செட்டின் ஆறு ஆண்டு வாக்குறுதியை நான் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. திரை எப்போது உடைகிறதோ, அதுதான் அதன் கடைசித் தேதி.

லோக்கல் செட், எக்ஸ்போர்ட் செட் விவகாரமும் பழுதோடு ஒட்டியதுதான். முஸ்தபா பக்கத்துக் கடைகளிலும் இணையத்திலும் ஒரே மாடல் நாற்பது ஐம்பது வெள்ளி குறைவாகக் கிடைத்தால், அது பெரும்பாலும் வேறு நாட்டுக்கு என்று தயாரித்த எக்ஸ்போர்ட் செட். செட் அசல்தான், போலி இல்லை. ஆனால் சாம்சங் போன்ற நிறுவனங்களின் உத்தரவாதம் வாங்கிய நாட்டோடு கட்டுண்டது. இங்குள்ள சேவை நிலையத்துக்குக் கொண்டுபோனால் உத்தரவாதத்தில் பார்க்க மாட்டார்கள், கடையின் சொந்த உத்தரவாதம்தான் கதி. சாம்சங்கில் கண்டுபிடிக்க, அதே Software information பக்கத்தில் Service provider software version என்ற வரியைப் பாருங்கள். நீளமான எழுத்துக்கூட்டத்துக்கு நடுவில் XSP, SIN, STH, MM1 என்று இருந்தால் சிங்கப்பூருக்கானது. XME என்றால் மலேசியா, INS என்றால் இந்தியா.

ஊரிலிருந்து யாராவது வரும்போது வாங்கிவரச் சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 3ஜி நின்றுவிட்டதால், இப்போது குரல் அழைப்பும் 4ஜி வழியாகத்தான் போகிறது. அதற்கு வோல்டிஇ என்ற வசதி இங்குள்ள நிறுவனத்தின் சிம்மோடு ஒத்துப்போக வேண்டும். வேறு நாட்டு செட்டில் அது திறக்கப்படாமல் இருக்கலாம். அறிகுறி வேடிக்கையாக இருக்கும்: வாட்ஸ்அப், யூடியூப் எல்லாம் ஜம்மென்று ஓடும், சாதாரண அழைப்பு மட்டும் போகாது. பலர் சிம்மைக் குறைசொல்லிக்கொண்டு திரிவார்கள். வாங்கும் இடத்திலேயே சிம்மைப் போட்டு, வைஃபை இல்லாமல் ஒரு அழைப்பு செய்து பார்த்துவிட்டால் தீர்ந்தது. உள்ளூர்க் கடையில் லோக்கல் செட் வாங்கினால், ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் அது வாங்கும்போதே இருந்த குறை என்று எடுத்துக்கொள்ளும் பயனீட்டாளர் சட்டமும் நம் பக்கம் நிற்கும். 2012 முதல் அது நடப்பில் இருக்கிறது.

சரி, பெரியம்மா கணக்குக்கு வருவோம். பழுதுக்கான தொகைகள் ஏறக்குறைய இவ்வளவு ஆகும் என்று நானே வைத்துக்கொண்டவை, கடைக்குக் கடை மாறும்.

ஏ17 எடுத்தால் செட் 330, உறையும் கண்ணாடியும் 25. இடையில் ஒருமுறை திரை உடைகிறது என்று 130. மொத்தம் 485. நாலு வருடம் ஓட்டினால் வருடத்துக்கு 121 வெள்ளி. நாலாம் வருடம் 60 வெள்ளியில் பேட்டரி மாற்றி ஆறு வருடம் இழுத்தால், மொத்தம் 545, வருடத்துக்கு 91 வெள்ளி. ஐபோன் என்றால் 949, உறை முதலியன 40, நாலாம் வருடம் பேட்டரி 150. மொத்தம் 1,139. ஏழு வருடம் ஓடினால் வருடத்துக்கு 163 வெள்ளி. ஒருமுறை திரையும் உடைந்தால் 220ஐ நெருங்கிவிடும்.

வருடக் கணக்குப் போட்டாலும் ஆண்ட்ராய்டுதான் மலிவு. ஐபோன் விலை அதிகம், ஆனால் நெடுநாள் உழைத்துக் கடைசியில் மிச்சம் பிடிக்கும் என்று சொல்வார்களே, அந்த வாதம் இந்த விலை வித்தியாசத்தில் நிற்காது. ஏழு வருடத்தில் இரண்டு ஏ வரிசை செட் வாங்கினாலும், இரண்டுக்கும் உறை, கண்ணாடி, ஒரு திரைச் செலவு எல்லாம் சேர்த்து 840 வெள்ளிதான். நடுவில் புதிய செட், புதிய பேட்டரி, புதிய வாக்குறுதி எல்லாம் கிடைத்துவிடுகிறது.

எதிர்ப்பக்கத்தில் காசில் சேராத ஒரு செலவு இருக்கிறது. செட் மாற்றுவது என்றால் பெரியவர்களுக்கு ஒரு நாள் போச்சு. ஒவ்வொரு வங்கியின் மின்னிலக்க டோக்கனையும் புதிதாகப் போட வேண்டும், சிங்பாஸை மறுபடி அமைக்க வேண்டும், வாட்ஸ்அப் செய்திகளை மாற்ற வேண்டும். டோக்கனை மாற்றியதும் சில வங்கிகளில் பல மணி நேரத்துக்கு முக்கியப் பரிவர்த்தனைகளைச் செய்ய விடமாட்டார்கள், மோசடியைத் தடுக்கும் ஏற்பாடு அது. பக்கத்தில் உதவிக்குப் பிள்ளைகள் இல்லாதவர், கையில் ஆயிரம் வெள்ளி இருக்கிறவர், ஒருமுறை வாங்கி ஏழு வருடம் தொடாமல் வைத்திருக்க விரும்புகிறவர் ஐபோன் எடுப்பதில் தப்பே இல்லை. தெரியாத இணைப்பைக் கண்டால் விரல் தானாகப் போகும் ஆள் என்றாலும் ஐபோன்தான் சொல்வேன். ஐபோன் எடுத்தால் ஆப்பிள்கேர் பிளஸ் என்ற கூடுதல் உத்தரவாதத்தையும் யோசிக்கலாம். திரை உடைந்தால் நானூறுக்குப் பதில் சின்னத் தொகையோடு முடியும். கையில் போன் நிற்காதவருக்கு அது லாபம், மற்றவருக்கு வீண்.

பெரியம்மாவின் மகளிடம் ஐபோன், மருமகனிடம் சாம்சங். அம்மாவுக்கும் ஐபோன் இருந்தால் தொலைபேசியிலேயே எங்கே தட்டுவது என்று சொல்லித்தரலாமே என்று மகள் வாதாடினாள். அது சின்ன விஷயம் இல்லை. யார் சொல்லித்தரப்போகிறாரோ அவர் கையில் இருக்கும் செட்டே வாங்குவது நல்லது என்று நானும் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். இங்கே மருமகன் வேலை முடிந்து தினமும் வீட்டுக்கு வருகிறவர், மகளுக்கோ மாறி மாறி ஷிஃப்ட். கையில் ஒதுக்கிய பணம் 500. கடைசியில் 8 ஜிபி ரேம் ஏ17, லோக்கல் செட், கூடவே புத்தகம் போல் மூடும் உறை. திரை உடைந்தால் சரிசெய்யாமல் அடுத்ததை வாங்கிவிடுவது என்று அன்றைக்கே முடிவும் செய்துவிட்டார்கள். மீந்த பணத்தை அதற்கென்று வைத்துவிட்டார் பெரியம்மா.

நடுவில் மகள் இன்னொரு யோசனையும் கொண்டுவந்தாள்: ஏ17க்கு மேல் கொஞ்சம் போட்டால் பழைய ஐபோன் 13 கிடைக்குமே என்று. இதை நிறையப் பேர் கேட்கிறார்கள். ஐபோன் 13 வந்தது 2021ல். ஏழு வருட வரலாற்றை வைத்துப் பார்த்தால் 2028 வரை பெரிய பதிப்புகள் வரலாம். ஆக 2026ல் வாங்குகிறவருக்கு மிஞ்சுவது இரண்டு வருடம் சொச்சம். அதோடு பேட்டரியும் மாற்ற வேண்டியிருக்கும். இந்த மாடலின் பேட்டரி 500 முறை சார்ஜ் ஆன பிறகும் 80 சதவீதம் நிற்கும்படி வடிவமைத்தது, 15ஆம் மாடலிலிருந்துதான் அது 1,000 முறை. வாங்கிய விலையோடு 150 வெள்ளியைச் சேர்த்துக்கொண்டால், புதிய ஆண்ட்ராய்டைவிட விலை அதிகம், ஆயுள் குறைவு.

அப்படியும் பழைய ஐபோன்தான் வேண்டும் என்றால் 15க்கு மேல் பாருங்கள். விற்பவரை நேரில் சந்தித்து, Parts and Service History பகுதியைப் பார்த்து, Battery Health சதவீதத்தையும் பாருங்கள். பிறகு அவர் முன்னாலேயே Erase All Content and Settings கொடுத்து செட்டை வெறுமையாக்கச் சொல்லுங்கள். மறுபடி எழுந்து வரும்போது பழைய சொந்தக்காரரின் ஆப்பிள் கணக்கையும் கடவுச்சொல்லையும் கேட்டால் Activation Lock இன்னும் விழுந்தே இருக்கிறது என்று பொருள். எந்தக் கடையாலும் அதை முறையாகத் திறக்க முடியாது. வீட்டுக்குப் போய் எடுத்துவிடுகிறேன், நீங்கள் இப்போது பேநவ் பண்ணுங்கள் என்று அவர் சொன்னால், அவர் எடுத்த பிறகே அனுப்புவதாகச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடலாம்.